அரிவாளில் படியும் செம்பு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பா, மருந்து கலக்கும் நாளில் முதலில் தேடுவது அரிவாளைத்தான். முந்தின இரவே ஒரு கிலோ மயில்துத்தத்தைச் சாக்குத்துணியில் முடிந்து, குறுக்குக் கம்பில் கட்டி, ஐம்பது லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் தொங்கவிட்டிருப்பார். விடியும்போது முடிச்சு காலியாகி, தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் நிற்கும். இன்னொரு டிரம்மில் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து, ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைப்பார். நீலத்தை மெல்ல மெல்லச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக்கொண்டே மூங்கில் கம்பால் கலக்கினால், வெளிர்நீலத்தில் மோர் போன்ற ஒரு திரவம் கிடைக்கும். அதுதான் போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ வட்டாரத்துத் திராட்சைக் கொடிகளை அடிச்சாம்பல் நோயிலிருந்து காப்பாற்ற, மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885-இல் அறிவித்த அதே மருந்து.

கலக்கி முடித்ததும் அரிவாளை உப்புத்தாள் வைத்து வெள்ளையாகத் தேய்ப்பார். அதை டிரம்முக்குள் ஒரு நிமிடம் முக்கிப் பிடித்துவிட்டு, வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாகவே இருந்தால் தெளிக்கலாம். அலகில் செம்மண் பூசினாற்போல ஒரு சிவப்பு ஏறியிருந்தால், "சுண்ணாம்பு பத்தலடா, இன்னும் ரெண்டு கை கரைச்சு ஊத்து" என்பார். அந்தச் சிவப்போடு தெளித்தால் இலை கருகிவிடும்.

சின்ன வயதில் எனக்கு அது அரிவாளில் ஒட்டிக்கொண்ட மருந்தாகத்தான் தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினால் பளிச்சென்று செம்புக் குடத்தின் நிறத்தில் பொடி உதிர்ந்தது. நீலத் தண்ணீருக்குள் சிவப்பு உலோகம் எங்கே இருந்தது, அது ஏன் அரிவாளைத் தேடி வந்தது, சுண்ணாம்பு சேர்த்ததும் ஏன் வருவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்த விடையின் சுருக்கம் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஒரு பட்டியலாக இருக்கிறது: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி, தங்கம். உலோகங்களின் வினைதிறன் வரிசை என்று பெயர். மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதை வைத்து ஒரு டிரம்முக்குள் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லலாம் என்பது தெரிந்தவர்கள் குறைவு.

மயில்துத்தம் என்பது செம்பு, கந்தகம், ஆக்சிஜன், அதோடு படிகத்துக்குள் அடைபட்ட தண்ணீர் எல்லாம் சேர்ந்த உப்பு. ஒரு கிலோ மயில்துத்தத்தில் ஏறக்குறைய 250 கிராம் செம்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அந்தச் செம்பு அணு அணுவாகப் பிரிந்து மிதக்கிறது. ஆனால் முழு அணுவாக அல்ல. ஒவ்வொரு அணுவும் தன் எலக்ட்ரான்களில் இரண்டை இழந்த நிலையில் இருக்கிறது. இழந்தவற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. இந்த நிலையில் உள்ள அணுவைத்தான் அயனி என்கிறோம். நாம் பார்க்கும் நீலம், தண்ணீர் சூழ்ந்த செம்பு அயனியின் நிறம். சிவப்பாக மின்னுவதற்கு அது தன் இரண்டு எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று, மற்றச் செம்பு அணுக்களோடு சேர்ந்து திடப்பொருளாக வேண்டும்.

அரிவாளின் இரும்பு அந்த எலக்ட்ரான்களைத் தருகிறது. செம்பு அயனி ஒன்று இரும்பின் மேல்பரப்பைத் தொடும்போது, இரும்பிலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் அதற்குப் போகின்றன. அயனி செம்பு அணுவாகி அங்கேயே படிகிறது. எலக்ட்ரான்களைக் கொடுத்த இரும்பு அணுவோ, இப்போது தான் அயனியாகித் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளே இருந்தது வெளியே வந்து உட்கார்கிறது, வெளியே உட்கார்ந்திருந்தது உள்ளே போகிறது. வேதியியலில் இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர்.

Fe + CuSO₄ → FeSO₄ + Cu

இது வெறும் பூச்சு அல்ல, ஆள்மாற்றம் என்பதற்குத் தராசு சாட்சி சொல்லும். செம்பு அணு இரும்பு அணுவைவிடக் கனமானது. 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு படியும். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, அதில் நன்றாகத் தேய்த்த இரும்பாணி ஒன்றைப் போட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கரைசலில் உள்ள செம்பு மொத்தமும் சுமார் 0.64 கிராம். அது முழுவதும் வெளியே வர 0.56 கிராம் இரும்பு உள்ளே போக வேண்டும். ஆகவே, நீலம் முழுக்க மறைந்த பிறகு ஆணியையும் அதன் மேல் படிந்த செம்பையும் சேர்த்து நிறுத்தால், முன்பைவிட ஏறக்குறைய 0.08 கிராம் கூடியிருக்க வேண்டும்.

வகுப்பறையில் நிறுத்துப் பார்க்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் எடை குறைந்துதான் வரும். கணக்குத் தவறு என்று நினைத்து அழித்து எழுதிவிடுவார்கள். தவறு கணக்கில் இல்லை. படியும் செம்பு கெட்டியான தகடாகப் படிவதில்லை, பஞ்சு போலப் படிகிறது. ஆணியை எடுக்கும்போது பாதி உதிர்ந்து அடியில் தங்கிவிடும். அந்தச் செம்பொடியை வடிகட்டி உலர்த்தி, ஆணியோடு சேர்த்து நிறுத்தால்தான் கணக்கு சரியாக வரும். இன்னொன்றும் உண்டு. மயில்துத்தக் கரைசல் இயல்பாகவே லேசான புளிப்புத் தன்மை கொண்டது. அந்த அமிலம் தனியாகக் கொஞ்சம் இரும்பைத் தின்று ஹைட்ரஜனை வெளியே விடும். அந்த வழியில் போன இரும்புக்கு ஈடாகச் செம்பு வராது. நீலம் மங்கி வெளிர்பச்சையாவது இரும்பு அயனியின் நிறம். அதை நாள்கணக்கில் திறந்து வைத்தால் காற்று பட்டுப் பழுப்பேறும். துருவுக்கு உறவான நிறம் அது.

இனி வரிசைக்கு வருவோம். இரும்பு தன் எலக்ட்ரான்களைச் செம்பு அயனிக்குக் கொடுக்கிறது என்றால், செம்பும் இரும்பு அயனிக்குத் திருப்பிக் கொடுக்குமா? ஒரு செப்புக் கம்பியை இரும்பு சல்பேட்டுக் கரைசலில் போட்டு ஒரு மாதம் வைத்தாலும் அதன் மேல் இரும்பு படியாது. அதே செப்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் கம்பி கருத்து, சாம்பல்நிற ரோமம் முளைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரணி இலை போலக் கிளைவிட்ட வெள்ளிப் படிகங்கள் கம்பியெங்கும் தொங்கும். நிறமே இல்லாமல் இருந்த கரைசல் நீலமாகத் தொடங்கியிருக்கும். செம்பு உள்ளே இறங்குகிறது என்பதற்கு அந்த நீலமே அடையாளம். இரும்பிடம் வாங்கிக்கொண்ட செம்பு, வெள்ளிக்குக் கொடுக்கிறது.

இப்படி இரண்டிரண்டு உலோகங்களாக எடுத்து, யார் யாரை வெளியேற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரே வரிசை உருவாகிறது. கார்கிவ் நகரில் பணியாற்றிய நிகொலாய் பெக்கெத்தோவ் என்ற ரஷ்ய வேதியியலாளர் 1865-இல் இப்படித்தான் உலோகங்களின் இடப்பெயர்ச்சி வரிசையைத் தொகுத்தார். வரிசையைப் படிக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: மேலே இருக்கும் உலோகம், கீழே இருக்கும் உலோகத்தின் அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை வெளியே தள்ளும். கீழே இருப்பது மேலே இருப்பதைத் தள்ளாது.

எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதற்கும் அளவு உண்டு. இரண்டு உலோகங்களையும் ஒன்றையொன்று தொடவிடாமல், தத்தம் கரைசல்களில் தனித்தனியே நிறுத்தி, கரைசல்களுக்கு நடுவே அயனிகள் மட்டும் கசியும்படி ஒரு தடுப்பு வைத்து, உலோகங்களைக் கம்பியால் இணைத்தால், நேராகத் தாவ வேண்டிய எலக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிப் போகும். அதாவது மின்சாரம் ஓடும். 1836-இல் ஜான் டேனியல் துத்தநாகத்தையும் செம்பையும் இப்படி வைத்துச் செய்த மின்கலம் சுமார் 1.1 வோல்ட் தந்தது. ஹைட்ரஜனைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு இன்று ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். துத்தநாகத்துக்கு −0.76, இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34, வெள்ளிக்கு +0.80. இரும்புக்கும் செம்புக்கும் உள்ள இடைவெளி 0.78 வோல்ட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளியில் வினை நின்று சமநிலை அடையும்போது, கரைசலில் ஒரு செம்பு அயனிக்கு எதிரே, ஒன்றுக்குப் பின்னால் இருபத்தாறு பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் இரும்பு அயனிகள் இருக்கும். நடைமுறையில் செம்பு முழுவதும் வெளியே வந்துவிடும் என்று பொருள்.

வெள்ளீயத்துக்கும் ஈயத்துக்கும் இடையே இருப்பதோ ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. அந்த ஜோடியில் வரிசையை நம்பிப் பந்தயம் கட்ட முடியாது. எந்த அயனி கரைசலில் அதிகமாக இருக்கிறதோ, அது வினையின் திசையையே திருப்பிவிடும். பட்டியலில் எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் அச்சாகியிருந்தாலும், உண்மையில் சில படிகள் மலையுயரம், சில படிகள் வாசற்படிகூட இல்லை.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே வேலை செய்கிறவர்கள் வெள்ளியைச் சுத்திகரிக்கிறவர்கள். பழைய கொலுசும் அரைஞாணும் உருக்க வரும்போது அதில் செம்பு கலந்திருக்கும். எண்பது சதவீதம் வெள்ளி உள்ள ஒரு கிலோ பழைய நகையை எடுத்துக்கொள்வோம். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் 800 கிராம் வெள்ளியும் 200 கிராம் செம்பும் ஒன்றாகவே கரைந்துபோகும். மூச்சை அடைக்கும் செம்பழுப்புப் புகை எழும். அது நச்சு. காற்றோட்டம் இல்லாத அறையில் செய்தால் உயிருக்கே ஆபத்து. எஞ்சுவது ஒரு நீலக் கரைசல். அதிலிருந்து வெள்ளியை மட்டும் எப்படிப் பிரிப்பது?

வரிசையைப் பாருங்கள். வெள்ளியைத் தள்ள, அதற்கு மேலே உள்ள எந்த உலோகமும் போதும். துத்தநாகம் போடலாம், இரும்பு போடலாம். இரண்டுமே வெள்ளியை வேகமாகத் தள்ளும். ஆனால் அவை செம்புக்கும் மேலே இருப்பவை. வெள்ளி தீர்ந்த கையோடு செம்பையும் தள்ளத் தொடங்கிவிடும். கடைசியில் வெள்ளியும் செம்பும் கலந்த சேறு கிடைக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. ஆகவே வெள்ளிக்கு மேலே இருக்க வேண்டும், ஆனால் கரைசலில் இருக்கும் மற்ற உலோகத்தைத் தொடக்கூடாது. அப்படிப்பட்ட பொருள் செம்புதான். செம்பு தன்னைத் தானே தள்ளாது. கரைசலில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே சேர்ப்பதால் புதிய கலப்படமும் இல்லை. இந்தத் தேர்வில் இருக்கும் நேர்த்தி எனக்கு மிகவும் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் கேள்வியாக வரும் ஒரு பட்டியல், இங்கே கைக்கருவியாக மாறிவிடுகிறது.

எவ்வளவு செம்பு வேண்டும்? வெள்ளி அயனி ஒவ்வொன்றும் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் கேட்கிறது. செம்பு அணுவோ இரண்டு தருகிறது. ஆகவே ஒரு செம்பு அணு உள்ளே போனால் இரண்டு வெள்ளி அணுக்கள் வெளியே வரும். எடைக் கணக்கில், ஒரு கிராம் செம்புக்கு 3.4 கிராம் வெள்ளி. 800 கிராம் வெள்ளிக்கு ஏறக்குறைய 235 கிராம் செம்பு போதும். செப்புத் தகட்டைக் கரைசலில் நிறுத்தி அவ்வப்போது தட்டிவிட்டால், ஈரச் சிமெண்டு போன்ற சாம்பல்நிற வெள்ளி அடியில் குவியும். முடிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே நீலமாக இருந்த கரைசல் இன்னும் நீலமாகத்தான் ஆகியிருக்கும். அதற்கு ஒரு சோதனை உண்டு. தெளிந்த கரைசலில் சில துளிகளைத் தனியே எடுத்து உப்புத் தண்ணீரில் விட வேண்டும். தயிர் திரிந்தாற்போல வெண்மை எழுந்தால் வெள்ளி இன்னும் உள்ளே இருக்கிறது. தெளிவாகவே நின்றால் வெள்ளி தீர்ந்துவிட்டது.

இந்த வேலையில் தடுக்கி விழ வைப்பது அமிலம்தான். கரைசலில் நைட்ரிக் அமிலம் அதிகமாக எஞ்சியிருந்தால், செப்புத் தகடு கொடுக்கும் எலக்ட்ரான்களை வெள்ளிக்கு முன்னால் அமிலமே பறித்துக்கொள்ளும். தகடு வேகமாகக் கரையும், மறுபடி செம்பழுப்புப் புகை வரும், அடியில் சேரும் வெள்ளியோ கணக்குக்கு வராது. செலவான செம்பின் எடை 235 கிராமை வெகுவாகத் தாண்டினால் அமிலம் மிஞ்சிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் அளந்து அமிலம் ஊற்றுகிறார்கள்.

வெள்ளியை வடித்தெடுத்த பின் இருக்கும் நீலத் தண்ணீரில் முதலில் இருந்த 200 கிராமும், இப்போது இறங்கிய 235 கிராமுமாக 435 கிராம் செம்பு இருக்கிறது. இப்போது வரிசையில் ஒரு படி மேலே ஏறி, துருவைத் தேய்த்து எடுத்த பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டால் அந்தச் செம்பும் வெளியே வரும். கணக்குப்படி 380 கிராம் இரும்புக்கு மேல் செலவாகும். இரும்பு செம்பைத் தள்ள, செம்பு வெள்ளியைத் தள்ளியது. ஒரே தொட்டியில் வரிசையின் மூன்று படிகளையும் இறங்கி ஏறிப் பார்த்தாயிற்று.

வரிசை ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால், வீட்டில் செய்துபார்ப்பவர் முதல் நாளே வரிசை பொய் என்று முடிவு கட்டிவிடுவார். அலுமினியம் இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் மேலே இருக்கிறது. அப்படியானால் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளை மயில்துத்தக் கரைசலில் போட்டால் இரும்பைவிட ஆவேசமாகச் செம்பைத் தள்ள வேண்டும். போட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. தாள் வெள்ளையாக மிதந்துகொண்டிருக்கும். அதே டம்ளரில் ஒரு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பைப் போடுங்கள். நீலம் பச்சைச் சாயலுக்கு மாறும். சற்று நேரத்தில் தாளின் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் விழும், நுரைக்கத் தொடங்கும், டம்ளர் கை பொறுக்காத சூடாகும். தாள் கிழிந்து கந்தலாக, செம்பு செந்நிறப் பஞ்சாக அடியில் உட்காரும். கண்ணாடி டம்ளராக இருந்தால் தட்டில் வைத்துச் செய்வது நல்லது.

அலுமினியம் காற்றுப் பட்ட நொடியிலேயே தன்மேல் ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன். ஆனாலும் இடுக்கில்லாத தோல். செம்பு அயனி அலுமினியத்தைத் தொடவே முடியாது. உப்பிலிருந்து வரும் குளோரைடு அயனிகள் அந்தத் தோலை அங்கங்கே அரித்துத் திறந்துவிடுகின்றன. அதன்பின் வரிசை சொன்னது சொன்னபடி நடக்கிறது. வரிசை சொல்வது எந்தத் திசையில் போகும் என்பதை மட்டுமே. எப்போது புறப்படும், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அது சொல்வதில்லை. எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒருவர் ஒருநாள் அவசரத்துக்குத் துத்தநாகம் பூசிய தகர வாளியில் மயில்துத்தத்தைக் கரைத்துவிட்டார். துத்தநாகம் அப்படிக் காத்திருக்கும் உலோகம் அல்ல. மதியத்துக்குள் வாளியின் உள்பக்கம் கருஞ்சிவப்பாகி, பூச்சு போன இடத்தில் இரும்பும் அரிபட்டு, அடுத்த வாரமே அடியில் ஒழுகத் தொடங்கியது. வாளி போனது ஒரு நட்டம். கரைசலில் இருந்த செம்பில் ஒரு பகுதி வாளியோடு தங்கிவிட்டதால் மருந்தும் வீரியம் குறைந்துபோனது.

பட்டியலின் உச்சியில் ஏமாற்றம் வேறு விதம். சோடியம் செம்புக்கு எவ்வளவோ மேலே. ஆனால் சோடியத் துண்டை மயில்துத்தக் கரைசலில் போட்டால் செம்பு வருவதில்லை. சோடியத்துக்குச் செம்பு அயனியைத் தேடிப் போகும் பொறுமை இல்லை. சுற்றிலும் இருக்கும் தண்ணீருக்கே எலக்ட்ரானைக் கொடுத்து, ஹைட்ரஜனைக் கிளப்பி, தீப்பற்றவும் செய்கிறது. அப்போது உண்டாகும் காரம் செம்பு அயனியோடு சேர்ந்து வெளிர்நீல வீழ்படிவாக இறங்குகிறது. பொட்டாசியமும் கால்சியமும் இப்படியேதான். தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து இன்னொரு உலோகத்தைத் தள்ளுவதற்கு உதவும் பகுதி, நடைமுறையில் மக்னீசியத்துக்குக் கீழேதான் தொடங்குகிறது. மக்னீசியமே செம்பைத் தள்ளும்போது பக்கத்தில் குமிழியும் விடும்.

செம்பு இரும்பின் மேல் படிவதை முற்காலத்தில் எழுதி வைத்தவர்களுக்கு எலக்ட்ரான் தெரியாது, அயனியும் தெரியாது. சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் வாழ்ந்த ஷென் குவோ என்ற அறிஞர், இன்றைய ஜியாங்ஷி மாகாணத்தில் கசப்புத் தண்ணீர் ஊறும் ஓர் ஊற்றைப் பற்றிப் பதினோராம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி மயில்துத்தம் எடுப்பார்களாம். காய்ச்சும் இரும்புக் கொப்பரை நாளடைவில் தானே செம்பாகிவிடும் என்பது அவர் குறிப்பு. அவர் பார்த்ததில் பிழை ஏதும் இல்லை. செம்புத் தாதுக்கள் உள்ள மலையில் மழைநீர் இறங்கிக் கசிந்து வரும்போது செம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கொப்பரையின் இரும்பு அதை வெளியே தள்ளித் தான் உள்ளே போகிறது. கொப்பரை செம்பாக மாறியதுபோலத் தோன்றும். அந்தக் காலத்திலேயே சீனர்கள் இரும்புத் தகடுகளை இப்படிப்பட்ட தண்ணீரில் போட்டு, படிந்த செம்பைச் சுரண்டி உருக்கிக் காசு அடிக்கும் அளவுக்குப் பயன்படுத்தினார்கள்.

இரும்பே செம்பாகிறது என்ற நம்பிக்கை ஐரோப்பியச் சுரங்கங்களிலும் நெடுங்காலம் இருந்தது. அதை உடைக்க ஒரே வழி, கொப்பரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வெளியே ஊற்றும் தண்ணீரைப் பார்ப்பதுதான். இரும்பு செம்பாக மாறியிருந்தால் அந்தத் தண்ணீரில் செம்பு குறைந்திருக்க வேண்டியதில்லை, இரும்பு வந்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டுமே நடந்திருந்தன. வேலை மட்டும் பழைய வழியிலேயே தொடர்ந்தது. அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊரின் செம்புச் சுரங்கத் தண்ணீரைப் பழைய இரும்புச் சாமான்கள் மேல் ஓடவிட்டுச் செம்பு எடுத்தார்கள். அந்த முறை இருபத்தோராம் நூற்றாண்டு வரை அங்கே பயன்பட்டது.

பெரியப்பாவின் டிரம்முக்குத் திரும்பலாம். சுண்ணாம்பு சேர்த்ததும் அரிவாள் ஏன் சிவப்பதில்லை? இரும்பும் செம்பும் வரிசையில் இடம் மாறிவிடவில்லை. சுண்ணாம்பின் காரம், கரைந்து மிதந்த செம்பு அயனிகளைப் பிடித்து, கரையாத நீலத் துகள்களாக இறுக்கிவிடுகிறது. கலவையில் செம்பு அப்படியே 250 கிராமும் இருக்கிறது. ஆனால் கரைசலில் தனித்து மிதப்பது அதில் மிக மிகச் சொற்பம். வரிசையில் உள்ள எண்கள் எல்லாம் தண்ணீரில் தாராளமாகக் கரைந்திருக்கும் அயனிகளுக்கு எழுதப்பட்டவை. அயனி இவ்வளவு அரிதாகும்போது இரும்புக்கும் செம்புக்கும் உள்ள 0.78 வோல்ட் இடைவெளி ஓரளவு சுருங்குகிறது. முற்றிலும் மறைவதில்லை. திசை இன்னும் இரும்பிலிருந்து செம்புக்குத்தான். ஆனால் அலகைத் தொட வரும் அயனிகள் ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் படலம் போடப் போதாது. காரத் தண்ணீரில் இரும்பும் அலுமினியத்தைப்போலத் தன்மேல் மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்வது இன்னொரு தடை.

ஆகவே அரிவாள் அளப்பது மருந்தில் உள்ள செம்பை அல்ல, கட்டுக்கு அடங்காமல் மிதக்கும் செம்பை. இலையைக் கருக்குவதும் அந்தச் செம்புதான். கட்டுண்ட செம்பு இலையில் நீலப் பொட்டாக ஒட்டி, மழையிலும் பனியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து பூஞ்சை வித்துகளைக் கொல்லும். பெரியப்பாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. ஆனால் சிவந்த அரிவாளோடு ஒரு நாளும் அவர் தெளித்ததில்லை.

இதற்கென்றே ஓர் அரிவாள் மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் அதன் நுனியில் செம்பு படிய, உப்புத்தாள் அதைத் தேய்த்து எடுக்க, உள்ளே போன இரும்பு திரும்பி வராமலே, முன்பாதி மட்டும் பிறை போல மெலிந்து போயிருந்தது. கதிர் அறுக்க அதை யாரும் எடுப்பதில்லை. கடைசியாகப் போனபோது கழற்றிப் பார்த்தேன். பிடியருகே இரும்பின் கனம் அப்படியே இருந்தது. நுனியை வெயிலில் திருப்பினால், தேய்க்காமல் விட்ட வளைவின் உள்பக்கத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு இன்னும் மின்னியது.